ஐந்திலும் ஏழிலும் மக்கள் பாட



காணிக்கைப் பாடலை ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் அமைத்திருப்பார்கள். பாடகர் குழு மூன்று வாரம் பழகிச் சரியாகப் பாடும். திருப்பலியிலோ இரண்டாம் அடி வருவதற்குள் மக்கள் பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். 'நம் மக்களுக்கு இந்தத் தாளம் வராது' என்று சொல்லி, மறுபடி நான்கு எண்ணிக்கைக்கே போய்விடுகிறோம். உண்மையில் வராதது தாளமா, அல்லது நாம் எழுதிய சொல்லா?

இதற்கு விடை திருவண்ணாமலையிலேயே இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ்ப் பதிப்புகளைத் திறந்து பாருங்கள். பாடலுக்கு மேலே 'தான தனன' என்பது போன்ற சந்தக் குழிப்பு அச்சிட்டிருக்கும். தாளத்தை அவர் சொல்லுக்கு வெளியே வைக்கவில்லை, சொல்லின் குறில் நெடிலிலேயே வைத்தார். அதனால் ராகம் தெரியாதவரும் வாய்விட்டுப் படித்தாலே நடை பிடிபடுகிறது.

அந்தக் கணக்கு எளிது. குறில் ஒன்று. நெடில் இரண்டு. குறிலை அடுத்து மெய் வந்தால் அதுவும் இரண்டு. ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர சாபு 'தகிட தகதிமி' என்று மூன்றும் நான்குமாக நடக்கும். ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்ட சாபு 'தக தகிட' என்று இரண்டும் மூன்றுமாக நடக்கும். ஆக, ஏழை ஏழாக எண்ண வேண்டியதில்லை. ஒரு சிறு சொல், ஒரு பெரிய சொல் என்று எடுத்தால் போதும்.

ஓர் அடி எழுதிப் பார்ப்போம்: 'தேவ வருவாய், அன்பு தருவாய்'. தே இரண்டு, வ ஒன்று; ஆக மூன்று. வருவாய் நான்கு. அன்பு மூன்று, தருவாய் நான்கு. இரண்டு ஏழு முடிந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லும் தட்டு விழும் இடத்திலேயே தொடங்குகிறது. இதைப் பாட மக்கள் எதையும் எண்ண வேண்டியதில்லை.

இனிக் கெடுவது எங்கே என்று பாருங்கள். பழக்கத்தால் ஒருவர் 'தேவா' என்று நீட்டினால் மூன்று நான்காகி, ஏழு எட்டாகிவிடும். இரண்டாம் சரணத்தில் 'வாழ்வின் வழியே' என்று எழுதினாலும் இதே கதைதான்; 'வாழ்வின்' நான்கு. அதையே 'வாழ்வு முழுதும்' என்று மாற்றினால் மூன்றும் நான்குமாகச் சரியாக அமர்ந்துவிடும். முதல் சரணத்தைக் கவனமாக எழுதிவிட்டு, மற்றச் சரணங்களில் பொருளை மட்டும் பார்ப்பதால்தான் பல பாடல்கள் பாதியில் தடுமாறுகின்றன. தபேலாக்காரர் மக்களைவிட ஓர் எண்ணிக்கை முன்னால் போகிறார் என்றால், அவரைக் குறை சொல்லும் முன் அந்தச் சொல்லை எண்ணிப் பாருங்கள்.

மொத்தக் கணக்கு சரியாக இருந்தாலும் போதாது. 'இயேசுவே வருவாய்' என்பது ஆறும் நான்குமாகப் பத்து. பத்து என்றால் இரண்டு ஐந்துதானே என்று கண்ட சாபுவில் வைத்தால், இரண்டாம் ஐந்தின் தட்டு 'வே' என்ற எழுத்தின் நடுவில் விழுகிறது. பாடுவோருக்கு எங்கோ இடறுகிறது, காரணம் தெரிவதில்லை. ஐந்துக்கு இப்படி எழுதலாம்: 'கதி தேடி, ஒளி தேடி, வந்தேன்'. கதி இரண்டு, தேடி மூன்று. ஒளி தேடியும் அப்படியே. வந் இரண்டு, தேன் என்பதை ஓர் எண்ணிக்கை நீட்டினால் மூன்று. மூன்று ஐந்து ஆயிற்று. நான்காவது ஐந்தை வெறுமையாக விடுங்கள், அது மூச்சுக்கு. அந்த இடைவெளி இல்லாவிட்டால் முதியவர்கள் அடுத்த அடியில் பிந்தி வருவார்கள்.

எழுதியதைச் சோதிக்க ஆர்மோனியம் வேண்டாம். மறைக்கல்விப் பிள்ளைகள் சிலரை அழைத்து, ராகமில்லாமல் அடியைச் சொல்லச் சொல்லுங்கள். ஏழுக்கு முதல் எண்ணிக்கையிலும் நான்காவதிலும் தட்டட்டும். ஐந்துக்கு முதலிலும் மூன்றாவதிலும். நாலைந்து முறை சொன்ன பிறகும் ஒரே இடத்தில் தயங்கினால், திருத்த வேண்டியது பிள்ளைகளை அல்ல, அந்தச் சொல்லை. கீபோர்டில் ஏற்கெனவே பதிந்திருக்கும் தாளங்கள் பெரும்பாலும் நான்கிலும் மூன்றிலும் அமைந்தவை. அவற்றை ஓடவிட்டுப் பழகினால் ஏழு தானாக எட்டாகும். பழகும் நாள்களில் கைத்தட்டே போதும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தந்த திருவழிபாட்டு ஏடு, அந்தந்த மண்ணின் இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரச் சொல்கிறது (எண் 119). இறைமக்கள் எல்லாரும் பங்கேற்கத்தக்க பாடல்களை அமைக்குமாறு இசை அமைப்பாளர்களையும் கேட்கிறது (எண் 121). ஐந்தையும் ஏழையும் சொல்லிலேயே வைத்து எழுதினால், இவ்விரண்டும் ஒரே பாடலில் நிறைவேறும்.