பழைய கடனும் புதிய செயலியும்

மளிகைக் கடைக்காரர் காகிதத்திலிருந்து கைப்பேசிச் செயலிக்கு மாறும்போது, விலைப்பட்டியலைவிடத் தொல்லை தருவது கடன் நோட்டுதான். 60 வாடிக்கையாளர்களிடமிருந்து மொத்தம் 1,20,000 ரூபாய் வரவேண்டியிருப்பதாகக் கொள்வோம். அதைச் செயலியில் புதிய விற்பனைச் சீட்டுகளாகப் பதிந்துவிட்டால் கணக்கு முழுவதும் கெடும். சென்ற மாதமே விற்றுப்போன அரிசி, இன்றைய சரக்கிருப்பிலிருந்து மீண்டும் ஒருமுறை கழியும். இம்மாத விற்பனை பொய்யாக வீங்கும். ஜிஎஸ்டியின் காம்போசிஷன் திட்டத்தில், விற்றுமுதலில் 1 சதவீதம் வரி செலுத்தும் கடையாக இருந்தால், ஏற்கெனவே வரி கட்டிய விற்பனைக்கே மேலும் 1,200 ரூபாய் கட்ட நேரும்.

நிலுவை என்பது இருப்பு. விற்பனை என்பது ஓட்டம். பொருளியல் மாணவர்களே தடுமாறும் வேறுபாடு இது. எனவே, வாடிக்கையாளர் பெயருக்கு நேரே Opening Balance என்று தனி இடம் தராத செயலி, மற்ற வசதிகள் எத்தனை இருந்தாலும், கடன் கொடுக்கும் கடைக்கு உதவாது.

மாறுவதற்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொருவரிடமும் அவரவர் பாக்கியைச் சொல்லி ஒப்புதல் பெற்றுவிட வேண்டும். குறித்த நாளில் கடையடைத்த பிறகு சரக்கை எண்ணி, நிலுவைகளோடு பதிய வேண்டும். நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் 1-க்கு முந்தைய இரவு இதற்கு மிக உகந்தது. பதிந்து முடிந்ததும் செயலி காட்டும் மொத்த நிலுவை, நோட்டின் கூட்டுத்தொகையோடு பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். விற்பனை பூஜ்யமாக இருக்க வேண்டும். அதன்பின் வரும் வசூலைப் பழைய நோட்டில் எழுதக் கூடாது.