வலிப்பு: நோயா, கோளாறா?

நான்கு சொற்கள், நான்கு பொருள்கள்

மருத்துவ வழக்கில் ‘நோய்’ என்பது உடலில் நிலைகொண்டுவிட்ட, மருத்துவர் கண்டறியக்கூடிய பாதிப்பைக் குறிக்கிறது. ‘கோளாறு’ என்பது ஓர் உறுப்பின் இயக்கம் முறை தவறியிருப்பதை மட்டும் சொல்லும். அது நீடிக்குமா என்பதைச் சொல்லாது. ‘சுகவீனம்’ என்பது பாதிக்கப்பட்டவர் தாமே உணரும் நலமின்மை. ‘உடல்நிலை’ இவை எதையும் உறுதிப்படுத்தாத பொதுச்சொல். கருவுற்றிருப்பதும் ஓர் உடல்நிலையே. மருந்தின் உதவியால் பல ஆண்டுகளாக வலிப்பு வராமல் வேலைக்குச் சென்று வருபவருக்கு நோய் உண்டு, சுகவீனம் இல்லை என்பதிலிருந்து இச்சொற்களின் வேறுபாடு விளங்கும்.

2014இல் மாறிய சொல்

வலிப்பு ஒழிப்புக்கான பன்னாட்டுக் கழகம் 2005இல் வலிப்பை மூளையின் ‘கோளாறு’ என்றே வரையறுத்திருந்தது. 2014இல் அதே கழகம் அச்சொல்லைக் கைவிட்டு ‘நோய்’ என்று மாற்றியது. கோளாறு என்ற சொல் பொதுமக்களுக்குச் சரியாக விளங்குவதில்லை என்பதும், அது பாதிப்பின் கடுமையைக் குறைத்துக் காட்டுகிறது என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். தற்காலிகக் கோளாறு என்று எண்ணுபவர், வலிப்பு நின்றதும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டு மீண்டும் வலிப்புக்கு ஆளாகக்கூடும் என்பதால், பொதுமக்களுக்கான துண்டறிக்கைக்கும் ‘வலிப்பு நோய்’ என்பதே பொருந்தும்.

நிகழ்வு வேறு, நோய் வேறு

மூளை நரம்பணுக்களில் திடீரென எழும் மிகையான மின்செயல்பாட்டால் நேரும் ஒரு நிகழ்வே ‘வலிப்பு’. கடுங்காய்ச்சலின்போது இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒருமுறை வலிப்பு வந்தால், காய்ச்சல் என்னும் உடனடிக் காரணம் இருப்பதால், அது வலிப்பு நோய் ஆகாது. அத்தகைய தூண்டுதல் எதுவுமின்றி, 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறையாவது வலிப்பு வருவது நோயை உறுதிசெய்யும் வழிகளுள் முதன்மையானது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் துண்டறிக்கை, காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தையின் பெற்றோரை வீணாக அஞ்சவைக்கும்.

துண்டறிக்கையில் எழுதும் முறை

தமிழில் ‘நோய்’ என்றதும் தொற்றும் என்ற அச்சம் பலருக்கு எழுவதால், அச்சொல்லை அடுத்தே விளக்கம் வரவேண்டும். “வலிப்புக் கோளாறு என்னும் உடல்நிலையால் அவதிப்படும் நோயாளிகள்” என்ற தொடர் மூன்று சொற்களைக் குழப்புவதோடு, மனிதரை நோயாகவே காட்டுகிறது. அதற்கு மாற்றாக, “வலிப்பு நோய் மூளையைச் சார்ந்தது, அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது, இந்நோய் உள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் முறையான மருந்தால் வலிப்பின்றி வாழ முடியும், மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது” என்று எழுதலாம். ‘சுகவீனம்’ என்ற சொல்லை, வலிப்புக்குப் பின் வரும் அசதியையும் குழப்பத்தையும் விளக்கும் பகுதிக்கு ஒதுக்குவது தகும்.