சுவருக்குள் போகும் ஈதர்நெட் கேபிள்

கூடத்து ரவுட்டரிலிருந்து படுக்கையறைக் கணினிக்கு 15 மீட்டர் ஈதர்நெட் கேபிள் போதும் என்றால், கேட் 6 வகையே தாராளம்; அது 100 மீட்டர் வரை நொடிக்கு 1000 மெகாபிட் வேகம் தரும். கேட் 8 வாங்குவது வீண்செலவு.

வகையைவிட உலோகமே முக்கியம். மலிவான கேபிள்களில் அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும். அலுமினியம் வளைவுகளில் எளிதில் முறியும்.

கேபிளை மின்கம்பி செல்லும் குழாயிலேயே நுழைப்பது எலக்ட்ரீஷியன்களின் வழக்கம். அது ஆபத்து, தனிக் குழாய் வேண்டும். மடக்கி ஒடிக்காமல், அகலமான வளைவாகத் திருப்ப வேண்டும்.

உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 1000 மெகாபிட்டுக்கு நான்கும் தேவை. 100க்கு இரண்டே போதும். அதனால் ஒரு கம்பி அறுந்தாலும் இணையம் நிற்காமல், வேகம் மட்டும் சத்தமின்றி 100க்கு இறங்கிவிடலாம். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் ‘Link speed’ 100 என்று காட்டினால், முதலில் இருமுனை பிளக்குகளையும் மாற்றிக் கிரிம்ப் செய்து பார்க்க வேண்டும்.

டிவியில் 100 காட்டினால் பதற வேண்டாம். பல டிவிகளின் ஈதர்நெட் போர்ட்டே அவ்வளவுதான். 4கே படத்துக்கு 25 மெகாபிட் அளவே போதும்.