மூன்றாவது விளக்கு எரியும்வரை

2014இல் வந்த ‘ஏலியன்: ஐசோலேஷன்’ கேமில், நினைத்த இடத்தில் நின்று ஆட்டத்தை சேவ் செய்ய முடியாது. செவாஸ்டோபோல் என்ற பாழடைந்த விண்வெளி நிலையத்தின் சுவர்களில் ஆங்காங்கே ஒரு பெட்டி பதிக்கப்பட்டிருக்கும். அதைத் தேடிப் போக வேண்டும். எதிரில் நின்று அட்டையைச் செருகினால் மூன்று விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். மூன்றாவதும் எரிந்த பிறகுதான் சேவ் ஆகும். சில வினாடிகள்தான், ஆனால் அந்தச் சில வினாடிகளிலும் ஆட்டம் நிற்பதில்லை. நிலையத்துக்குள் திரியும் வேற்றுக்கிரக விலங்கைக் கொல்லவே முடியாது. அது பக்கத்தில் இருந்தால் பெட்டி எச்சரிக்கும். எச்சரித்துவிட்டு, சேவ் செய்வதா வேண்டாமா என்ற முடிவை நம்மிடமே விட்டுவிடும். அட்டையைச் செருகியபடி நிற்கும்போதே பின்னாலிருந்து அது வந்துவிடலாம்.

மேசைக்கடியில் ஒளிந்தும் காற்றுக்குழாய்க்குள் ஊர்ந்தும் கடந்து வந்த தூரம் முழுவதும் அந்த மூன்று விளக்குகளைச் சார்ந்திருக்கிறது. பெட்டி கண்ணில் பட்டதும் ஓடத் தோன்றும். ஓடினால் காலடிச் சத்தம் கேட்கும், சத்தம் கேட்டால் விலங்கு வரும். பல கேம்களில் ஆசுவாசம் தரும் சேவ் என்ற காரியம், இதில் மிகவும் பயந்து செய்யும் காரியமாகிவிடுகிறது. விலங்கின் உருவத்தைவிட இந்தப் பெட்டிதான் அந்த கேமின் பயத்தை நடத்துகிறது என்பது என் கருத்து.

ஆட்டத்தைச் சேமிக்கும் முறைகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். கேமை வடிவமைத்தவர் குறித்த இடத்தைத் தொட்டதும் தானாகப் பதிவாவது செக்பாயின்ட். மெனுவைத் திறந்து, எந்த இடத்திலும் பெயர் கொடுத்துச் சேமிப்பது இரண்டாவது. ஒரே ஒரு விசையைத் தட்டிச் சேமிப்பது குயிக் சேவ். 1998இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ கேமின் கணினி வடிவத்தில் F6 தட்டினால் சேவ், F7 தட்டினால் அந்த இடத்துக்கே திரும்பல். பின்னிரண்டும் ஒரே வசதிதானே என்று தோன்றும். ஆனால் மெனுவைத் திறந்து இடம் தேர்ந்தெடுக்கும்போது ஆட்டம் அறுபடுகிறது. அதனால் ஒரு பெரிய சண்டைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று நிறுத்திக்கொள்வோம். விரல் நுனியில் விசை இருந்தாலோ, ஒவ்வொரு கதவுக்கு முன்னும் யோசிக்காமலே தட்டுவோம். ஆபத்தின் அளவு மாறவில்லை. அதை எத்தனை துண்டாக வெட்டுகிறோம் என்பது மாறிவிட்டது.

இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு நடைவழியில் அடுத்தடுத்து ஐந்து காவலர்கள். ஒவ்வொருவரையும் தாண்ட இரண்டு நிமிடம் ஆகும், தாண்டிவிடும் வாய்ப்பு 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். செக்பாயின்ட் நடைவழியின் தொடக்கத்தில் மட்டும் இருந்தால், ஐவரையும் ஒரே மூச்சில் தாண்டும் வாய்ப்பு கிட்டத்தட்ட 33 சதவீதம். மூன்றில் ஒரு முறைதான். ஒவ்வொரு காவலரைத் தாண்டியதும் குயிக் சேவ் செய்தால், சராசரியாக ஆறேகால் முயற்சியில் மொத்தமும் முடிந்துவிடும், அதாவது சுமார் பன்னிரண்டரை நிமிடம். சேவ் செய்யாமல் போனால் சராசரி பத்தேகால் முயற்சி, சுமார் இருபது நிமிடம்.

இந்த எட்டு நிமிட வித்தியாசத்தைவிட, அது எங்கே போய் விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சேவ் இல்லாத ஆட்டத்தில் முதல் காவலரைச் சராசரியாக மூன்று முறை எதிர்கொள்கிறோம். ஐந்தாமவரையோ ஒன்றேகால் முறைதான். அதாவது நன்றாகப் பழகிப்போன பகுதியைத்தான் அதிகம் திரும்ப ஆடுகிறோம். செக்பாயின்ட் தள்ளி வைத்த கேம்களில் சலிப்பு வருவதற்கு இதுதான் காரணம். ஆனால் அதே ஏற்பாட்டில்தான் ஐந்தாம் காவலருக்கு முன்னால் நிற்கும்போது முந்தைய எட்டு நிமிட உழைப்பும் பணயத்தில் இருக்கிறது. குயிக் சேவ் செய்தவருக்கு அந்த இடத்தில் இழக்க இரண்டே நிமிடம்தான். காவலரின் திறமை ஒன்று, தப்பும் வாய்ப்பும் ஒன்று, கை நடுங்குவது மட்டும் ஒருவருக்கு. பதற்றமும் கடினமும் வேறு வேறு என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. சலிப்பும் பதற்றமும் ஒரே மூலத்திலிருந்து வருவதையும் காட்டுகிறது. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும். வடிவமைப்பாளரின் சிரமமே அதுதான்.

2018இல் வந்த ‘செலெஸ்ட்’ இந்தச் சிக்கலில் ஒரு பக்கத்தைத் துணிந்து கைவிட்டது. மலையேறும் பெண்ணின் கதை அது. பெரும்பாலும் ஒவ்வொரு திரையின் வாசலும் ஒரு செக்பாயின்ட். விழுந்தால் கண்சிமிட்டும் நேரத்தில் அந்த வாசலில் நிற்போம். நூற்றுக்கணக்கில் சாகலாம், ஒவ்வொரு சாவிலும் இழப்பது சில வினாடிகள்தான். இழப்புப் பயத்துக்கு அங்கே வேலையே இல்லை. பதற்றம் முழுவதும் அடுத்த தாவலின் துல்லியத்துக்குள் அடங்கிவிடுகிறது. அவ்வளவு கடினமான தாவல்களை வைக்க முடிந்ததே சாவு அவ்வளவு மலிவாக இருப்பதால்தான்.

செக்பாயின்ட் எங்கே கெட்டுப்போகிறது என்பதை ஆடுபவரைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். நிறுத்த முடியாத ஒரு நீண்ட உரையாடலுக்கு முன்னால் அதை வைத்துவிட்டால், தோற்கும்போதெல்லாம் அதே பேச்சைக் கேட்க வேண்டும். மூன்றாவது முறை ஆடுபவர் கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வேறெங்கோ பார்ப்பார். செக்பாயின்ட் இருக்க வேண்டிய இடம் உரையாடலுக்கும் சண்டைக்கும் நடுவில். இன்னொரு கோளாறு, செக்பாயின்ட் ரகசியத்தைக் காட்டிக்கொடுப்பது. மூடிய பெரிய கதவு, அதன் முன் குவிந்து கிடக்கும் தோட்டாக்களும் மருந்துப் பெட்டியும், திரை ஓரத்தில் சேவ் ஆகும் சின்னம். உள்ளே யார் காத்திருக்கிறார் என்று இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

குயிக் சேவின் கோளாறுகள் வேறு மாதிரி. எதிரியின் குண்டு காற்றில் வந்துகொண்டிருக்கும் கணத்தில் விசையைத் தட்டிவிட்டால், அந்தக் கணமே பதிவாகிவிடும். லோட் செய்தால் சாவு, மறுபடி லோட் செய்தாலும் சாவு. ஒரே பதிவின் மேல் எழுதிக்கொண்டே போகும் கேமில் அத்தோடு கதை முடிந்தது. கடைசிச் சில பதிவுகளைச் சுழற்சியாக வைத்துக்கொண்டாலே இந்த விபத்து தீரும்.

அதைவிட ஆழமான சிக்கல், வாய்ப்பை விலைக்கு வாங்குவது. குறி தவறினால் லோட், இன்னொரு முறை தவறினாலும் லோட், பட்டதும் சேவ். ‘எக்ஸ்காம்: எனிமி அன்னோன்’ (2012) கேமில் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்கும் வெற்றி வாய்ப்பு சதவீதமாகத் திரையில் தெரியும், முடிவைத் தற்செயல் எண்கள் தீர்மானிக்கும். அந்த எண் வரிசையின் தொடக்கத்தையும் கேம் சேவ் கோப்பிலேயே வைத்துக்கொள்கிறது. அதனால் லோட் செய்து அதே சூட்டைச் சுட்டால் அதே முடிவுதான் வரும். வேறு முடிவு வேண்டுமென்றால் வேறு காரியம் செய்ய வேண்டும். இன்னும் கறாராக ஆட விரும்புபவருக்கு அயர்ன்மேன் என்ற முறையும் உண்டு. ஒரே ஒரு பதிவு, கேமே எழுதிக்கொண்டிருக்கும், பின்னால் போக வழியில்லை. பல மணி நேரம் கூடவே வளர்த்த ஒரு வீரர் இறந்தால் இறந்ததுதான். பெயர் வைத்து ஆடியவர்களுக்கு அது உண்மையிலேயே வலிக்கும்.

இதையெல்லாம் வைத்து குயிக் சேவை ஏமாற்று வேலை என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஜெர்மனியின் மிமிமி நிறுவனம் உருவாக்கி 2016இல் வெளிவந்த ‘ஷேடோ டாக்டிக்ஸ்’ அதற்குச் சரியான பதில். எடோ கால ஜப்பானில் ஐந்து பேர் கொண்ட குழுவை, காவலர்களின் பார்வையில் படாமல் நகர்த்த வேண்டும். கடைசியாக சேவ் செய்து எவ்வளவு நேரமாயிற்று என்று திரையிலேயே ஒரு கடிகாரம் காட்டும். நேரம் கூடினால் நிறம் மாறி நினைவூட்டும். சேவ் செய், ஒரு யோசனையை முயன்று பார், பலிக்காவிட்டால் திரும்பு என்று கேமே சொல்கிறது. இருபது நிமிட இழப்பு தலைக்கு மேல் தொங்கினால், கூரையிலிருந்து குதித்து இருவரை ஒரே நேரத்தில் வீழ்த்தலாமா என்று யாரும் முயன்று பார்க்க மாட்டார்கள், பாதுகாப்பான ஒரே வழியில்தான் போவார்கள். புதிராக அமைந்த கேமில் குயிக் சேவ் ஆடுபவருக்குத் துணிச்சல் தருகிறது. அதே விசையை செவாஸ்டோபோல் நிலையத்தில் வைத்திருந்தால் அந்த மூன்று விளக்குகளுக்கு அர்த்தமே இருந்திருக்காது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை 2015இல் ‘ஓரி அண்ட் தி பிளைண்ட் ஃபாரஸ்ட்’ முயன்றது. ஆடுபவர் விரும்பிய இடத்தில் தானே ஒரு செக்பாயின்டை உருவாக்கலாம். ஆனால் அதற்கு ஆற்றல் செலவாகும், எதிரிகள் அருகில் இருந்தால் முடியாது. அதே ஆற்றல் சண்டைக்கும் தேவை. இப்போது சேமிப்பதா, ஒரு தாக்குதலுக்கு வைத்துக்கொள்வதா என்ற கேள்வி விளையாட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அழகான யோசனைதான். நடைமுறையில் ஒரு குறை உண்டு. ஆட்டம் நன்றாக ஓடும்போது சேவ் செய்ய மறந்துவிடும், பிறகு ஒரு முள்ளில் விழுந்தால் நெடுந்தூரம் போய்விடும். அந்த இழப்பில் பதற்றமும் இல்லை, ஏனென்றால் பணயத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதே விழும்வரை நினைவில் இல்லை. 2020இல் வந்த இரண்டாம் பாகத்தில் இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டுத் தானியங்கி சேவைக் கொண்டுவந்தார்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தோல்வியிலிருந்து மீள்வதற்கு ஒரு சேவ், எழுந்து போவதற்கு ஒரு சேவ். அடுப்பில் பால் பொங்கும், குழந்தை அழும், பேருந்து நிறுத்தம் வந்துவிடும். இவை எதுவும் ஆட்டத்தின் பதற்றத்தைச் சேர்ந்தவை அல்ல. 2018இல் வந்த ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்தது. மத்தியகால பொஹீமியாவில் நடக்கும் அந்த கேமில் நினைத்த நேரத்தில் சேவ் செய்ய ஒரு விலையுயர்ந்த மதுவைக் குடிக்க வேண்டும், அல்லது படுக்கை தேடித் தூங்க வேண்டும். வழியில் ஒரு வம்பை இழுப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வைத்தது அந்த விதி, அதன் நோக்கமும் அதுதான். ஆனால் வேலைக்குக் கிளம்ப வேண்டியவரையும் அது மதுப்புட்டி தேட வைத்தது. கேம் வெளிவந்தபின் ஒரு திருத்தத்தில் ‘சேவ் செய்து வெளியேறு’ என்ற வசதியைச் சேர்த்தார்கள். வெளியேறும்போது ஆட்டம் பதிவாகும், திரும்பி வந்து தொடங்கியதும் அந்தப் பதிவு அழிந்துவிடும். எனவே அதை வைத்துத் தோல்வியிலிருந்து பின்வாங்க முடியாது. மதுவின் விலை குறையவில்லை, வழிப்பறிக்காரர்கள் மீதான பயமும் குறையவில்லை. பாலை மட்டும் நேரத்துக்கு இறக்கி வைக்கலாம்.