நீர் மூலக்கூறு ஏன் வளைந்திருக்கிறது?

கார்பன் டை ஆக்சைடிலும் மூன்று அணுக்கள்தான், நீரிலும் மூன்றுதான். ஆனால் CO₂ நேர்கோடாக நீண்டிருக்கிறது. H₂O நடுவில் வளைந்திருக்கிறது. ஏன் என்பதை வேதியியல் வகுப்பில் கொடுக்கும் ஒரே ஒரு தாளில் விளக்கிவிடலாம். 1940-இல் சிட்ஜ்விக்கும் பவலும் முன்வைத்த கருத்து அது. 1957-இல் கில்லெஸ்பியும் நைஹோமும் அதை விரிவாக்கினார்கள். நடு அணுவின் வெளிக்கூட்டில் எலக்ட்ரான்கள் இரட்டை இரட்டையாக இருக்கின்றன. அந்த இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி, முடிந்தவரை எட்டப் போய் நிற்கும். மூலக்கூறின் வடிவம் அதனால் அமைவது.

நீரை எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள். ஹைட்ரஜன்கள் ஆளுக்கு ஒன்று தருகின்றன. மொத்தம் 8, அதாவது நான்கு இரட்டைகள். இரண்டு ஹைட்ரஜனைப் பிணைக்கின்றன; மீதி இரண்டு, தனித்த இரட்டைகள். மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். தனித்த இரட்டையின் முனையில் அணு எதுவும் இல்லை, வாய்பாட்டிலும் அது தெரியாது; அதனால் கணக்கில் விட்டுப்போகிறது. விட்டுவிட்டால் 180 பாகை என்று தவறான விடை வரும். கார்பன் டை ஆக்சைடுக்கு அதே 180 சரியான விடை. அங்கே கார்பனிடம் தனித்த இரட்டையே கிடையாது. இரண்டு பக்கமும் இரட்டைப் பிணைப்பு, ஒவ்வொன்றையும் ஒரு திசையாகவே எண்ண வேண்டும்.

நான்கு இரட்டைகள் சமமாக விலகி நின்றால் கிடைப்பது நான்முகி, கோணம் 109.5 பாகை. நான்குமே பிணைப்பு இரட்டைகளாக உள்ள மீத்தேனில் இதே கோணம்தான். தனித்த இரட்டையின் நிலை வேறு. அதை இழுத்துப் பிடிப்பது ஒரே ஓர் அணுக்கரு என்பதால், அது நடு அணுவை ஒட்டி அகலமாகப் பரவி, பக்கத்துப் பிணைப்புகளை நெருக்குகிறது. ஒரு தனித்த இரட்டை உள்ள அம்மோனியாவில் கோணம் சுமார் 107. இரண்டு உள்ள நீரில் 104.5.

வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போது அணுக்கள் இருக்கும் இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். எலக்ட்ரான் இரட்டைகள் நான்முகியாக நின்றாலும், நீர் வளைந்த மூலக்கூறு, அம்மோனியா பிரமிடு. நீர் நேர்கோடாக இருந்தால் இரு பிணைப்புகளின் மின்முனைவும் ஒன்றையொன்று நீக்கிவிடும், கார்பன் டை ஆக்சைடில் நடப்பது போல. அளந்து பார்த்தால் நீருக்கு 1.85 டிபை இருமுனைத் திருப்புத்திறன் இருக்கிறது.

இந்தக் கொள்கை எதுவரை கைகொடுக்கும் என்பது ஹைட்ரஜன் சல்ஃபைடில் தெரியும். கந்தகம் ஆக்சிஜனுக்கு நேர் கீழே உள்ள தனிமம். எலக்ட்ரான் கணக்கும் அதேதான். ஆனால் H₂S-இன் கோணம் சுமார் 92. கந்தகம் பெரிய அணு. எலக்ட்ரான்களை ஆக்சிஜன் அளவுக்குத் தன் பக்கம் இழுப்பதில்லை. பிணைப்பு இரட்டைகள் அதனிடமிருந்து தள்ளி இருப்பதால் அவற்றுக்குள் விலக்கம் குறைகிறது, கோணம் இன்னும் சுருங்குகிறது. நீரைவிடக் குறைவாக இருக்கும் என்பது வரைதான் இந்தக் கொள்கையால் ஊகிக்க முடியும். 92 என்ற எண்ணைச் சோதனையில் அளந்துதான் அறிய வேண்டும்.