இட்லி எங்கே போய் முடிகிறது?

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம், மனித உருவத்தின் வெளிக்கோடு மட்டும் வரைந்த தாளைக் கொடுத்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "காலையில் சாப்பிட்ட இட்லி இதற்குள் எந்த வழியாகப் போகிறது? கோடு போட்டுக் காட்டுங்கள்."

பெரும்பாலும் மூன்று வகைப் படங்கள் வரும். முதல் வகையில் வாயிலிருந்து நேராக ஒரு குழாய் இறங்கும். தொப்புளுக்கு அருகே ஒரு பை இருக்கும், பிறகு வெளியேறும் வழி. இரண்டாம் வகையில் தொண்டையிலேயே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று சோற்றுக்கு, இன்னொன்று தண்ணீருக்கு. தண்ணீர்க் குழாய் நேரே சிறுநீர்ப்பையில் போய் இறங்கும். மூன்றாம் வகை, பாடத்தைப் படித்த பிள்ளைகள் வரைந்தது. உறுப்புகளின் பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் இட்லி இரைப்பையை விட்டுக் கல்லீரலுக்குள் நுழைந்து, கணையத்தைக் கடந்து, பிறகு குடலுக்குப் போகும்.

மூன்று வகைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. வாய்க்குள் போனது முழுவதும் கீழே வெளியேறுகிறது. இட்லியிலிருந்து விரல் நுனிக்கோ மூளைக்கோ யாரும் ஒரு கோடு போடுவதில்லை. அப்படியானால் நாம் எதற்காகச் சாப்பிடுகிறோம்? செரிமான மண்டலத்தைப் பற்றிய பாடம் அந்த விடுபட்ட கோட்டை நோக்கித்தான் போக வேண்டும். உடல் வெளிக்கோடும் 'உணவின் பயணம்' நாடகமும் பல பள்ளிகளில் நடக்கின்றன. ஒரு பிள்ளை இட்லியாகி, வாயில் தொடங்கி மலவாய் வரை நடந்து முடித்தால், மேலே சொன்ன பிழையைத்தான் நாடகம் இன்னும் ஆழமாகப் பதிய வைக்கும். ஆகவே நாடகத்தை வேறு விதமாக அமைக்க வேண்டும். அதற்கு இரண்டு பாடவேளைகள் போதும்.

முதல் வேளை: வெளிக்கோடும் கயிறும்

பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கமோ, ஒட்டிச் சேர்த்த செய்தித்தாள்களோ போதும். விருப்பப்பட்டு முன்வரும் ஒரு பிள்ளையை அதன் மேல் மல்லாந்து படுக்க வைத்து, சுற்றிக் கோடு போட வேண்டும். மாணவி படுத்தால் மாணவிகளே வரையட்டும். யாருக்கும் கூச்சமாக இருந்தால், சுவரில் விழும் நிழலைச் சுற்றி வரைந்தாலும் வேலை நடக்கும்.

உறுப்புகளை வைப்பதற்கு முன், உருவத்தின் உள்ளங்கைகளில் 'இடது', 'வலது' என்று எழுதிவிட வேண்டும். உருவம் நம்மைப் பார்த்துக் கிடப்பதால், அதன் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கமாகத் தெரியும். இதைச் செய்யாவிட்டால் கல்லீரல் கிட்டத்தட்ட நிச்சயமாக இடம் மாறிவிடும். கல்லீரல் வலப்பக்க விலா எலும்புகளின் அடியில் இருப்பது. இரைப்பை இடப்பக்கம், மேல்வயிற்றில். 'வயிறு வலிக்கிறது' என்று தொப்புளைத் தொட்டுப் பழகிய பிள்ளைகள் இரைப்பையையும் அங்கேதான் வைப்பார்கள். தங்கள் கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால், இரைப்பையை மேலே நகர்த்திவிடுவார்கள்.

அடுத்து சிறுகுடல். வளர்ந்த மனிதருக்கு இது ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். அந்த நீளத்துக்குக் கொடிக்கயிற்றை வெட்டி, இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வகுப்பறையில் நீட்டி நிற்கட்டும். பிறகு அத்தனையையும் படத்தின் வயிற்றுப் பகுதிக்குள் அடக்க வேண்டும். மடித்துச் சுருட்டினால்தான் இடம் கொள்ளும். அதைச் சுற்றி ஒரு சட்டம்போலப் பெருங்குடல் வரும். அதற்கு ஒன்றரை மீட்டர் நீளத்தில், இதைவிடத் தடித்த கயிறு. பெருங்குடலின் பெயரில் உள்ள 'பெரு' அகலத்தைக் குறிக்கிறது என்பது கயிற்றைக் கையில் பிடித்ததுமே புரிந்துவிடும். இவ்வளவு நீளம் எதற்கு என்ற கேள்வியை மட்டும் அடுத்த வேளைக்கு விட்டுவைக்க வேண்டும்.

இரண்டாம் வேளை: இட்லியைத் துண்டாக்குதல்

நாடகத்தில் இட்லி ஒரு பிள்ளை அல்ல, ஒரு தட்டு. அதில் நான்கு பொருள்கள். அரிசியின் மாவுச்சத்துக்கு, கெட்டியான வெள்ளை அட்டை. 2 செ.மீ. கட்டங்கள் பன்னிரண்டு வரைந்து, மூன்றுக்கு நான்கு என்ற அளவில் வெட்டியது. உளுந்தின் புரதத்துக்கு அதே அளவில் மஞ்சள் அட்டை. இட்லியின் மேல் ஊற்றிய நல்லெண்ணெய்க்கு ஒரு களிமண் உருண்டை. சாம்பாரில் கிடந்த முருங்கைக்காய் நாருக்குக் கொஞ்சம் தேங்காய் நார். ஒவ்வொரு கட்டமும் ஓர் அடிப்படை அலகு. வெள்ளைக் கட்டம் குளுக்கோஸ், மஞ்சள் கட்டம் அமினோ அமிலம்.

மற்ற பிள்ளைகள் உறுப்புகள். வாய், உணவுக்குழல், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் ஆகியோர் வரிசையாக நிற்பார்கள். கல்லீரல், பித்தப்பை, கணையம் மூவரும் வரிசைக்கு வெளியே, ஓரமாக. தட்டு அவர்கள் கைக்குப் போகவே கூடாது என்பது முதல் விதி. அவர்கள் சுரப்பை நீட்டிக் கொடுக்கலாம், உணவைத் தொடக் கூடாது. "அப்போ கல்லீரலுக்குள்ள இட்லி போகவே போகாதா டீச்சர்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். இட்லியாகப் போகாது, வேறு உருவத்தில் பிறகு போகும் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது விதி, கத்தரிக்கோலுக்கானது. நொதிகள்தான் கத்தரிக்கோல்கள். வெள்ளை நாடா கட்டிய கத்தரிக்கோல் வெள்ளை அட்டையை மட்டுமே வெட்டலாம், மஞ்சள் நாடா கட்டியது மஞ்சளை மட்டும். நாருக்கு மனித உடலில் கத்தரிக்கோலே கிடையாது.

வாய்க்கு வெள்ளைக் கத்தரிக்கோல் கிடைக்கிறது. அது உமிழ்நீரிலுள்ள அமைலேஸ். ஆனால் நேரம் குறைவு, ஒரே ஒரு வெட்டுதான். வெறும் சோற்றை ஒரு நிமிடம் விழுங்காமல் மென்றுபார்த்தால் லேசாக இனிப்பது இந்த வெட்டினால்தான். பிறகு தொண்டை. மூச்சுக்குழலின் வாயை அட்டையால் மூடும் வேலை குரல்வளை மூடிக்கு. இட்லிக்குப் பின்னால் ஒரு தம்ளர் தண்ணீரையும் அதே வழியில் அனுப்ப வேண்டும். இரண்டு குழாய் வரைந்த பிள்ளைகள் இங்கே தங்கள் படத்தை நினைத்துப் பார்ப்பார்கள்.

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வந்ததும் வெள்ளைக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட வேண்டும். வலுவான அமிலத்தில் அமைலேஸ் வேலை செய்யாது. இங்கே பெப்சின் என்ற மஞ்சள் கத்தரிக்கோல் புரதத்தை இரண்டு மூன்று பெருந்துண்டுகளாக்கும். இரைப்பை பிசையும் பைதான் என்று நினைத்திருந்த காலம் உண்டு. அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட், 1822இல் துப்பாக்கிக் காயம்பட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்குச் சிகிச்சை செய்தார். வயிற்றில் ஏற்பட்ட துளை மூடாமலே நின்றுவிட்டது. போமாண்ட் இறைச்சித் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியே இறக்கி, சில மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தார். இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, அதில் இறைச்சியைப் போட்டுச் சூடாக வைத்தும் பார்த்தார். பிசைய எதுவும் இல்லாத குப்பியிலும் இறைச்சி கரைந்தது. இந்தக் கதையைச் சொல்லச் சரியான இடம் இதுதான்.

சிறுகுடலின் தொடக்கத்தில் ஓரத்தில் நின்றவர்களுக்கு வேலை வருகிறது. பித்தப்பை சேமித்து வைத்திருந்த பித்தநீர், களிமண் உருண்டையைச் சிறுசிறு உருண்டைகளாகப் பிய்த்துப் போடும். அது பிரித்து மட்டும்தான் வைக்கிறது, வெட்டுவதில்லை. பித்தநீரில் செரிமான நொதி இல்லை. கணையம் முதலில் அமிலத்தைத் தணிக்கிறது. பிறகு வெள்ளை, மஞ்சள் கத்தரிக்கோல்களையும், கொழுப்பை வெட்டும் லைப்பேஸையும் நீட்டுகிறது. 'வயிற்றில்' நடப்பதாக நாம் நினைக்கும் செரிமானத்தின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. அட்டைகள் இப்போது ஒற்றை, இரட்டைக் கட்டங்களாகிவிடும்.

சுவரில் நடப்பது

நாடகத்தின் உச்சம் இனிதான். ஒரு பெரிய அட்டையில் 3 செ.மீ. அகலத் துளைகள் போட்டு, நான்கைந்து பிள்ளைகள் அதைச் சுவராகப் பிடித்து நிற்பார்கள். இவர்கள் குடலுறிஞ்சிகள். முதலில், வெட்டாத ஒரு முழு வெள்ளை அட்டையைக் கொடுத்துத் தள்ளிப் பார்க்கச் சொல்ல வேண்டும். போகாது. ஒற்றைக் கட்டம் உடனே போகும். இரட்டைக் கட்டம் ஓரமாக நழுவப் பார்க்கும். அதை விடக் கூடாது. சுவர்க்காரர்களிடமே கடைசிக் கத்தரிக்கோல் இருக்கிறது, வெட்டித்தான் அனுப்ப வேண்டும். உண்மைக் குடலிலும் மாவுச்சத்தின் கடைசி வெட்டு குடல்சுவரின் செல்களில்தான் நடக்கிறது.

கயிற்றைப் பற்றி விட்டுவைத்த கேள்விக்கு விடை இங்கே கிடைக்கும். ஒரே துளை மட்டும் உள்ள அட்டையைக் கொடுத்தால் கட்டங்கள் குவிந்து நிற்கும். இருபது துளைகள் இருந்தால் சட்டென்று தீரும். நீளமும் மடிப்புகளும் குடலுறிஞ்சிகளும் சேர்ந்து உறிஞ்சும் பரப்பைப் பல மடங்கு பெருக்குகின்றன.

சுவருக்கு மறுபுறம் சிவப்புத் துண்டு போட்ட ஒரு பிள்ளை நிற்கும். அதுதான் இரத்தம். வெள்ளைக் கட்டங்களையும் மஞ்சள் கட்டங்களையும் வாங்கிக்கொண்டு முதலில் கல்லீரலிடம் போக வேண்டும். இட்லி வேறு உருவத்தில் போகும் என்று சொன்னது இதைத்தான். கல்லீரல் சில வெள்ளைக் கட்டங்களைச் சேமித்துக்கொண்டு மிச்சத்தை விடும். அவற்றை இரத்தம் வெளிக்கோட்டின் மூளையிலும் கை கால்களிலும் விரல் நுனிகளிலும் கொண்டுபோய் வைக்க வேண்டும். தம்ளர் தண்ணீரில் பெரும்பகுதியும் சுவரைக் கடந்து இரத்தத்துக்குள் போய்விடுகிறது. சிறுநீர் அந்த இரத்தத்திலிருந்து சிறுநீரகம் வடிப்பது என்று இங்கே சொன்னால், தண்ணீர்க் குழாய் வரைந்தவர்களின் ஐயம் முழுதாகத் தீரும்.

தட்டில் மிஞ்சுவது நாரும் கொஞ்சம் நீரும். பெருங்குடல் நீரின் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் நாரில் ஒரு பகுதியைச் சிதைக்கும். மீதி வெளியேறும். நேரத்தையும் இங்கே உணர்த்தலாம். ஒரு மணி நேரத்தை ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், இரைப்பைக்கு மூன்று நிமிடம், சிறுகுடலுக்கு நான்கு நிமிடம். பெருங்குடலாக நிற்கும் பிள்ளை மட்டும் பாடம் முடியும்வரை தட்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். நாள் கணக்கில் பார்த்தால், காலை எட்டு மணி இட்லியின் மிச்சம் மறுநாள்தான் வெளியேறும்.

நாடகம் விட்டுவிடும் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும். உண்மையில் குடல்சுவரில் வெறும் துளைகள் இல்லை, உயிருள்ள செல்கள் தேர்ந்தெடுத்து உள்ளே எடுத்துக்கொள்கின்றன. கொழுப்பும் நேரே இரத்தத்துக்குப் போவதில்லை, பெரும்பாலும் நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றிப் போய்ச் சேருகிறது. இவற்றை மேல்வகுப்பில் விரிவாகப் படிப்பார்கள்.

பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று அறிய, உறுப்புகளின் பெயரைக் கேட்டுப் பயனில்லை. அவை முதல் நாள் படங்களிலேயே சரியாகத்தான் இருந்தன. அதற்குப் பதில் இதைக் கேட்கலாம்: "மருத்துவமனையில் குளுக்கோஸைக் கையிலுள்ள இரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். அதேபோல வடிகட்டிய அரிசிக் கஞ்சியை ஏற்ற முடியுமா?" 'கஞ்சி கெட்டியாக இருக்கும்' என்று எழுதும் பிள்ளைக்கு நாடகத்தின் சுவர்க் காட்சியை இன்னொரு முறை நடத்த வேண்டும். 'குளுக்கோஸ் ஏற்கெனவே ஒற்றைக் கட்டம், சுவரைத் தாண்டிய பிறகு இருக்க வேண்டிய உருவத்தில் இருக்கிறது. கஞ்சி இன்னும் வெட்டாத அட்டை, அதை வெட்டும் கத்தரிக்கோல்கள் குடலில்தான் இருக்கின்றன' என்று எழுதும் பிள்ளை, செரிமானம் எதற்காக நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டுவிட்டது.