ரத்து என்று அழுத்திய பிறகு

"தம்பி, ஆப்பை போன்லேருந்தே எடுத்துட்டேன். அப்புறமும் 99 ரூபா போயிருக்கே?"

குழந்தைகளுக்குக் கதை சொல்லும் சின்ன ஆப் ஒன்றை நாங்கள் மூன்று பேர் நடத்துகிறோம். பேரனுக்காகச் சந்தா கட்டியிருந்த அம்மா ஒருவரின் கேள்வி இது. ஆப்பை அழித்தால் சந்தாவும் போய்விடும் என்று அவர் நம்பியிருந்தார். அப்படி நம்புகிறவர்கள் ஏராளம். ஆனால் பணம் எடுக்கும் அனுமதி ஆப்பில் இல்லை. யுபிஐ ஆட்டோபே வழியாக ஒருமுறை பின் நம்பர் போட்டுக் கொடுத்த அந்த அனுமதி வங்கியில் இருக்கிறது. பெரும்பாலான சந்தாக்களில் 15,000 ரூபாய் வரை மறுபடி பின் கேட்காமலே பணம் எடுக்கலாம். குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் ஆப்பைத் திறந்து பார்த்தோம். ரத்து செய்யும் இடத்துக்குப் போக மூன்று திரைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. பிறகு "ஏன் போகிறீர்கள்?" என்ற கட்டாயக் கேள்வி, அதன் பிறகு ஒரு தள்ளுபடி. பெரிய ஆப்களைப் பார்த்து நாங்களும் அப்படியே செய்திருந்தோம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகிறது. அதில் சந்தாப் பொறியும் ஒன்று. ரத்து செய்யும் வழியை மறைப்பதும் அதைச் சுற்றி வளைப்பதும் அதற்குள் அடங்கும்.

இப்போது கணக்குப் பக்கத்தின் மேலேயே கட்டணமும் அடுத்த தேதியும் தெரியும். அதன் கீழே "சந்தாவை நிறுத்து" என்ற பொத்தான். "ரத்து" என்ற சொல்லை வேண்டுமென்றேதான் தவிர்த்தோம். "ரத்து செய்யவா?" என்று கேட்டு, கீழே "சரி", "ரத்து" என்று இரண்டு பொத்தான் வைத்தால் எதை அழுத்துவது? இரண்டாவது பொத்தான் சந்தாவை ரத்து செய்யுமா, அந்தக் கேள்வியை ரத்து செய்யுமா? சோதனைக்கு உட்கார வைத்த உறவினர்களே தடுமாறினார்கள். அதனால் கேள்வியையே எடுத்துவிட்டோம். ஒரே அழுத்தலில் சந்தா நின்றுவிடும். திரையில் இப்படி வரும்: "சந்தா நிறுத்தப்பட்டது. இனி பணம் எடுக்க மாட்டோம். ஜூன் 18 வரை கதைகள் கேட்கலாம்." தெரியாமல் அழுத்தியவர்களுக்கு அதன் கீழேயே "மீண்டும் தொடங்கு" இருக்கிறது. காரணம் கேட்பது அதற்குப் பிறகுதான், அதுவும் விருப்பமிருந்தால்.

திரை சரியானதும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் எங்கள் பதிவேட்டில் மட்டும் "நிறுத்தம்" என்று குறித்துவிட்டு, வங்கி அனுமதியை மாதக் கடைசியில் நீக்கலாம் என்று விட்டிருந்தோம். மனம் மாறினால் மறுபடி பின் போட வேண்டாமே என்பது எங்கள் கணக்கு. வாடிக்கையாளரோ தன் யுபிஐ ஆப்பைத் திறந்து பார்க்கிறார். அங்கே ஆட்டோபே இன்னும் உயிரோடு இருக்கிறது. நாங்கள் பொய் சொல்லிவிட்டதாகத்தான் அவருக்குத் தோன்றும். இப்போது அனுமதியை உடனே நீக்கிவிடுகிறோம், கதைகளை மட்டும் கட்டிய நாள் வரை திறந்து வைக்கிறோம். திரும்பி வருகிறவர் மறுபடி பின் போட வேண்டியிருக்கும். அந்தச் சிரமம் பரவாயில்லை.

கஷ்டமான நேரம் கட்டணத்துக்கு முந்தைய நாள். ஜூன் 19-ல் பணம் எடுக்க வேண்டுமென்றால் தகவல் 18-ஆம் தேதிக்குள் போய்விடும். அதைப் பார்த்ததும்தான் பலருக்குச் சந்தாவின் ஞாபகமே வருகிறது. ஒருவர் 18 இரவு 9 மணிக்கு நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பணம் எடுக்கும் ஆணை ஏற்கெனவே கிளம்பியிருக்கலாம். அனுமதியை நீக்கச் சொல்லி நாங்கள் அனுப்பும் கோரிக்கைக்குப் பதில் வராமலும் போகலாம். எனவே அவர் அழுத்திய நேரத்தை முதலில் எழுதி வைக்கிறோம். சந்தா நின்றதா என்பதை அந்த நேரம்தான் தீர்மானிக்கும், வங்கியின் பதில் அல்ல. பதில் வரும்வரை கோரிக்கை சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகப் போய்க்கொண்டிருக்கும். திரையில் "வங்கி அனுமதியை நீக்கிக்கொண்டிருக்கிறோம். இடையில் பணம் போனால் நாங்களே திருப்பி அனுப்புவோம்" என்று ஒரு வரி நிற்கும். நிறுத்திய நேரத்துக்குப் பிறகு யாரிடமாவது பணம் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று தினமும் இரவில் சரிபார்க்கிறோம். இருந்தால் அவர் கேட்கும்வரை காத்திருப்பதில்லை.

சிலர் எங்கள் ஆப்புக்கு வராமல் யுபிஐ ஆப்பிலேயே ஆட்டோபேயை நீக்கிவிடுவார்கள். அந்தத் தகவல் எங்கள் சர்வருக்கு வரும்போது அதையும் நிறுத்தமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் திரை "அடுத்த கட்டணம்: ஜூலை 19" என்று காட்டி அவரைப் பயமுறுத்திக்கொண்டிருக்கும்.

ஐபோனில் ஆப்பிள் வழியாகக் கட்டியவர்களின் சந்தாவை நாங்களாக நிறுத்த முடியாது. அங்கே எங்கள் பொத்தான் ஆப்பிளின் சந்தாப் பக்கத்தைத் திறந்துவிடும். கடைசி அழுத்தல் அங்கேதான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

நிறுத்தியதும் தேதி, நேரத்தோடு ஒரு எஸ்எம்எஸ் போகிறது. முதலில் மின்னஞ்சல்தான் அனுப்பினோம், பலர் அதைத் திறக்கவே இல்லை. ஆப்பை அழித்த பிறகும் அந்த எஸ்எம்எஸ் போனில் இருக்கும்.